தலையால் முட்டினால் உச்சந்தலை வலி

"வாரக் கடைசியில் நண்பர்களோடு கால்பந்து ஆடுகிறேன். பந்தைத் தலையால் முட்டினால் உச்சந்தலை வலிக்கிறது. எவ்வளவு பழகலாம்?"

கடைசி நொடியில் கண்ணை மூடிக் குனிகிறீர்கள் போல. அதனால்தான் பந்து உச்சியில் விழுகிறது. பட வேண்டியது புருவத்துக்கு மேலே, முடி தொடங்குவதற்குக் கீழே உள்ள தட்டையான நெற்றி. பந்தைப் பார்த்தபடி வாயை மூடி, முகவாயை உள்ளே இழுத்து, கழுத்தை இறுக்குங்கள். இடுப்பிலிருந்து முன்னால் வந்து நீங்கள்தான் பந்தை அடிக்க வேண்டும். சும்மா நின்றால் அது உங்களை அடிக்கும்.

முதலில் நண்பர் இரண்டு மூன்று மீட்டரிலிருந்து கையால் மெல்ல எறியட்டும். காற்று சற்றுக் குறைந்த பந்து நல்லது. இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் 2021இல் அமெச்சூர் பெரியவர்களுக்குச் சொன்ன வரம்பு, வாரத்தில் ஒரே ஒரு பயிற்சி, அதில் 10 முறை. தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் உடனே வெளியேறி டாக்டரைப் பாருங்கள். அன்று திரும்ப இறங்க வேண்டாம்.