மாற்று உரை: படத்தின் வாதம் காதுக்கும் கேட்கட்டும்

வலைப்பக்கத்தில் படத்தின் முழு விளக்கத்தையும் மாற்று உரைக்கான `alt`-க்குள் எழுதலாமா?

வேண்டாம். பார்வையற்றோருக்குத் திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் திரைவாசிப்பான் அதை ஒரே மூச்சில் வாசித்துவிடும். நடுவில் ஒரு எண் தவறினால் அந்த வரிக்கு மட்டும் திரும்பிப் போவது கடினம். `alt`-இல் இரண்டு வாக்கியம் போதும். மற்றதைப் படத்தின் கீழே சாதாரணப் பத்தியாக எழுதுங்கள்.

நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பைக் காட்டும், பிரெஞ்சுப் பொறியாளர் மினாரின் 1869 வரைபடத்துக்கு, "பழுப்புப் பட்டை, கறுப்புப் பட்டை, கீழே வெப்பநிலைக் கோடு" என்று எழுதினேன். சரிதானே?

சரியில்லை. இது மையின் வருணனை. எத்தனை முறை சொன்னாலும் இதே கடிதம் வருகிறது! அந்தப் பட்டையின் அகலம்தான் படைவீரர் எண்ணிக்கை: ஒரு மில்லிமீட்டருக்குப் பத்தாயிரம் பேர். அதை விட்டுவிட்டு நிறத்தைச் சொன்னால் கேட்பவருக்கு என்ன கிடைக்கும்?

1812-இல் ரஷ்ய எல்லையான நேமன் ஆற்றைக் கடந்தவர்கள் சுமார் 4.2 லட்சம். மாஸ்கோவை அடைந்தவர்கள் 1 லட்சம். திரும்பியவர்கள் 10 ஆயிரம். வழியில் பிரிந்து சென்ற இரு பிரிவுகளில் ஏறக்குறைய 80 ஆயிரம் பேர். அவர்களைக் கழித்தாலும், போகும் வழியிலேயே 2.4 லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். வெப்பநிலைக் கோடோ திரும்பும் வழிக்கு மட்டுமே உண்டு. ஆகவே "குளிர் படையை அழித்தது" என்று ஒரே வரியில் முடிப்பவர் படம் சொல்லாததைச் சொல்கிறார்.

வரிசையும் முக்கியம். மாஸ்கோ வலப்புறம் இருப்பதால் கீழ்க்கோட்டில் காலம் வலமிருந்து இடமாக ஓடுகிறது. இடமிருந்து விவரித்தால் டிசம்பர் முதலிலும் அக்டோபர் கடைசியிலும் வரும். பயண வரிசையில் எழுதுங்கள்: போன வழி, மாஸ்கோ, திரும்பிய வழி. பெரெசினா ஆற்றங்கரையில் 50 ஆயிரம் பேர் 28 ஆயிரமாகக் குறைவதைத் தனி வாக்கியமாக்குங்கள். படம் பார்ப்பவரின் கண் நிற்கும் இடம் அது.

```
alt="மினாரின் வரைபடம்: 4.2 லட்சம் பேருடன் புறப்பட்ட படை மாஸ்கோவில் 1 லட்சமாகவும் திரும்புகையில் 10 ஆயிரமாகவும் மெலிகிறது. பெரும் குறைவு போகும் வழியிலேயே; முழு விளக்கம் கீழே."
```

அந்தப் படத்தில் உள்ள −30 டிகிரி செல்சியஸா?

இல்லை, ரெயோமூர் என்ற பழைய வெப்பநிலை அளவு. செல்சியஸில் ஏறக்குறைய −37. படத்திலேயே எழுதியிருக்கிறது; வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

நிறத்தைச் சொல்லவே கூடாதா?

கட்டுரை "கறுப்புப் பட்டை" என்று குறிப்பிட்டால் சொல்லுங்கள். இல்லையெனில் தேவையில்லை.

கீழே விளக்கம் இருப்பதால் `alt=""` என்று விட்டுவிட்டேன்.

அப்படி விட்டால் திரைவாசிப்பான் படத்தைத் தாண்டிப் போய்விடும். விளக்கம் எதைப் பற்றியது என்றே கேட்பவருக்குத் தெரியாது. மறுபடியும் சொல்கிறேன்: இரண்டு வாக்கியம்.

எழுதியது சரியா என்று எப்படிச் சோதிப்பது?

படத்தைப் பார்க்காத ஒருவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள். பிறகு, "படை எங்கே அதிகம் குறைந்தது?" என்று கேளுங்கள். "திரும்பும்போது" என்று பதில் வந்தால் திருத்தி எழுதுங்கள்.