இரண்டு அணிக்கும் ஒரே ரூம்: மாற்றத்தை எப்படி அறிவிப்பது?

கேள்வி: எங்கள் ஒஃபிஸில் ஒரே மீட்டிங் ரூமை ஒரே நேரத்துக்கு இரண்டு அணிகள் பதிந்துவிட்டன. பேசி ஓர் அணியை வேறு ரூமுக்கு மாற்றியாகிவிட்டது. இதை எல்லாருக்கும் எப்படி எழுதி அறிவிப்பது? குழப்பமும் வரக்கூடாது, மனஸ்தாபமும் வரக்கூடாது.

பதில்:

ஹட்டனில் ஒரு நிறுவனத்தில் நிர்வாக வேலை பார்க்கிறேன். ரூம் பதிவும் என் தலையில்தான். இதே சிக்கலில் ஒருமுறை நான் அனுப்பிய அறிவித்தல் என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

எங்களிடம் இரண்டு ரூம். பெரியதில் இருபது பேர் உட்காரலாம், ப்ரொஜெக்டர் உண்டு. சின்னதில் எட்டுக் கதிரை. அந்தப் புதன்கிழமை காலை பெரிய ரூமுக்குக் கணக்குப் பிரிவு ஆறு பேரும் வெளிக்களப் பிரிவு பதினான்கு பேரும் உரிமை கொண்டாடினார்கள். பார்த்தால், கணக்குப் பிரிவு அவுட்லுக்கில் ரூமை முறைப்படி தேர்ந்தெடுத்துப் பதிந்திருக்கிறது. வெளிக்களப் பிரிவோ அழைப்பில் `Location` என்ற இடத்தில் ரூமின் பெயரைக் கையால் தட்டி அனுப்பியிருக்கிறது. அப்படித் தட்டினால் அது வெறும் எழுத்துதான். ரூமின் நாட்காட்டிக்கு எதுவும் போகாது, ரூமும் பிடிபடாது. ஆனால் அழைப்பைப் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். எங்கள் ஒஃபிஸில் நான் பார்த்த மோதல்களில் முக்கால்வாசி இப்படி வந்தவைதான்.

முறைப்படி பார்த்தால் ரூம் கணக்குப் பிரிவுக்குத்தான். ஆனால் பதினான்கு பேரை எட்டுக் கதிரையில் எப்படி உட்கார வைப்பது? கணக்குப் பிரிவு அக்காவிடம் கேட்டேன். "சரி தம்பி, நாங்க சின்ன ரூமுக்குப் போறோம்" என்றார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து உடனே இப்படி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்:

> தவிர்க்க முடியாத காரணங்களினால் நாளைய கூட்டம் கீழ் ரூமுக்கு மாற்றப்பட்டுள்ளது என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன்.

மறுநாள் காலை இரண்டு அணியும் சின்ன ரூம் வாசலில் நின்றன. பெரிய ரூம் பூட்டியபடி கிடந்தது.

பிழை என்னுடையதுதான். "நாளைய கூட்டம்" என்றால் யாருடைய கூட்டம்? இரண்டு அணியும் தங்களுடையது என்றே வாசித்தார்கள். அதைவிடப் பெரிய பிழை, யார் மாறவில்லை என்பதை நான் எழுதவே இல்லை. மோதலைத் தீர்க்கிற அறிவித்தலில் நகர்கிற அணிக்கு ஒரு வரி வேண்டும், நகராத அணிக்கும் ஒரு வரி வேண்டும். தங்கள் ரூமுக்கு ஏதோ போட்டி இருக்கிறது என்று நகராதவர்களின் காதிலும் விழுந்திருக்குமே. ஒன்றும் சொல்லாமல் விட்டால் அவர்களாகவே ஏதாவது ஊகிப்பார்கள்.

"கீழ் ரூம்" என்றது இன்னொரு கூத்து. மலையில் கட்டிய கட்டடங்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். எங்கள் ஒஃபிஸுக்கு மெயின் ரோட்டிலிருந்து வந்தால் நுழைவது மேல் மாடி. பின்பக்க ஒழுங்கையால் வந்தால் நுழைவது அதற்குக் கீழே இருக்கிற தட்டு. அதனால் ஒருவருக்குக் "கீழ்" என்பது இன்னொருவருக்கு வாசலோடு இருக்கிற தளம். ஒருவர் ஸ்டோர் ரூம் வரை இறங்கிப் போய்விட்டு வந்தார். அன்றிலிருந்து மாடிக் கணக்கே எழுதுவதில்லை. ரூமின் பெயர், பக்கத்தில் என்ன இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்:

> தலைப்பு: ரூம் மாற்றம் – ஒக்டோபர் 14 புதன், மு.ப. 9.30 – கணக்குப் பிரிவுக்கு மட்டும்
>
> கணக்குப் பிரிவு: உங்கள் கூட்டம் சின்ன ரூமில் (பிரிண்டருக்குப் பக்கத்தில்) நடக்கும். நேரத்தில் மாற்றம் இல்லை.
>
> வெளிக்களப் பிரிவு: உங்கள் கூட்டம் பெரிய ரூமிலேயே நடக்கும். உங்களுக்கு எந்த மாற்றமும் இல்லை.
>
> ஒரே நேரத்துக்கு இரண்டு கூட்டங்கள் வந்ததால், ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்து இப்படி ஒழுங்கு செய்துள்ளோம். முதலில் பதிந்திருந்தும் இடம் விட்டுக்கொடுத்த கணக்குப் பிரிவுக்கு நன்றி. சின்ன ரூமில் ப்ரொஜெக்டர் இல்லை. தேவையென்றால் இன்று பி.ப. 2 மணிக்குள் சொல்லுங்கள், டிவி ஒன்றை வைத்துத் தருகிறேன்.

நன்றி சொல்கிற வரியைப் பாருங்கள். "முதலில் பதிந்திருந்தும்" என்ற இரண்டு சொல்லை வேண்டுமென்றேதான் போட்டேன். விட்டுக்கொடுத்தவர்களுக்கு அது எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை கேட்கப் போனால் முகத்தைத் திருப்புவார்கள். மற்ற அணி பதிந்த விதம் பிழை என்பதை மட்டும் எழுதவில்லை. அதை அந்த அணித் தலைவரிடம் தனியாக, தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் சொல்லிக்கொண்டேன்.

மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன்பே நாட்காட்டியில் மாற்றிவிடுங்கள். இதில் வரிசை முக்கியம். முதலில் கணக்குப் பிரிவு தன் அழைப்பைத் திறந்து, பெரிய ரூமை நீக்கி, சின்ன ரூமைச் சேர்த்து, எல்லாருக்கும் புதுப்பிப்பு அனுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் வெளிக்களப் பிரிவு பெரிய ரூமைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்க வேண்டும். மாற்றிச் செய்தால், ரூம் இன்னும் மற்றவர்கள் பெயரில் இருப்பதால் மறுப்புத்தான் வரும். ரூமிடமிருந்து `Accepted` என்று பதில் வந்ததைக் கண்ணால் பார்க்கும் வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய அழைப்பை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போடாதீர்கள். அழித்தால் எல்லாருக்கும் `Canceled` என்று போகும். அதை மட்டும் பார்த்துவிட்டுக் கூட்டமே இல்லை என்று தோட்டத்துக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. வாராவாரம் நடக்கிற கூட்டமாக இருந்தால் அந்த ஒரு நாளை மட்டும் திறந்து மாற்றுங்கள். முழுத் தொடரையும் திறந்தால் எல்லாக் கிழமையும் சின்ன ரூமுக்குப் போய்விடும்.

அப்புறம், நேரம். எங்கள் வெளிக்களக்காரர்கள் மஸ்கெலியா, பொகவந்தலாவ, தலவாக்கலைப் பக்கமிருந்து காலை பஸ்ஸில் வருகிறவர்கள். முதல்நாள் பின்னேரம் ஐந்தரைக்கு அனுப்பினால் சிலருக்கு அது மறுநாள் ஹட்டன் டவுனுக்கு வந்து சிக்னல் பிடித்த பிறகுதான் கிடைக்கும். அதனால் முதல்நாள் மதியத்துக்கு முன்பே அனுப்பிவிடுகிறேன். வட்ஸ்அப் குழுவில் அந்த அணிக்குரிய ஒரு வரியை மட்டும் தமிழிலும் சிங்களத்திலும் போடுகிறேன். நகர்கிற அணியின் தலைவரிடம் மட்டும் "கிடைத்தது" என்று பதில் கேட்பேன். எல்லாரிடமும் கேட்டால் ஒருவரும் அனுப்பமாட்டார்கள்.

கடைசியாக, இரண்டு கதவிலும் ஒவ்வொரு தாள், அணியின் பெயரும் திகதியும் பெரிதாக. திகதியை மறந்துவிடாதீர்கள். நான் ஒருமுறை திகதி போடாமல் ஒட்டி, கழற்றவும் மறந்துவிட்டேன். அடுத்த புதன்கிழமை கணக்குப் பிரிவு அதை வாசித்துவிட்டு மறுபடியும் சின்ன ரூமில் போய் உட்கார்ந்துவிட்டது.