தூங்குகிற சின்னவளை எழுப்பிப் பால் கொடுங்கள்

கேள்வி: எனக்கு 36 வாரத்தில் இரட்டைக் குழந்தைகள் பிறந்து 24 நாட்கள் ஆகின்றன. பையன் பிறக்கும்போது 2.3 கிலோ, இப்போது 2.7. பெண் பிறக்கும்போது 1.9, இப்போது 2.05. பையன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அழுது குடிக்கிறான். அவள் நான்கைந்து மணி நேரம் தூங்குகிறாள். தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்கிறார் அம்மா. ஒருவன் தூங்கினால் மற்றவள் விழித்துக்கொள்வதால் எனக்குத் தூக்கமே இல்லை. பவுடர் பால் சேர்க்கலாமா? கணவர் ஓசூரில் வேலை, சனிக்கிழமை இரவுதான் வருவார். நான் பாலக்கோட்டில் அம்மா வீட்டில் இருக்கிறேன்.

பதில்: முதலில் சின்னவளைப் பார்ப்போம். உங்கள் வீட்டில் அழுகிறவன் பையன்தான், கவனம் அவளுக்கே முதலில் வேண்டும். பிறந்த எடைக்கு மேல் 24 நாளில் அவள் ஏறியிருப்பது 150 கிராம். முதல் சில நாட்களில் எந்தக் குழந்தைக்கும் எடை சற்றுக் குறையும் என்பதைக் கணக்கில் சேர்த்தாலும் இது போதாது. முதல் வாரத்துக்குப் பிறகு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். பையன் அந்தக் கணக்கில் சரியாக இருக்கிறான்.

தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்று உங்கள் அம்மா சொல்வது நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்த குழந்தைக்குப் பொருந்தும். குறைமாதத்தில் இரண்டு கிலோவுக்குக் கீழே பிறந்த குழந்தைக்குப் பசித்தாலும் அழத் தெம்பிருக்காது. பால் குறைந்தால் சோர்வு, சோர்வால் தூக்கம், தூக்கத்தால் இன்னும் குறைவான பால் என்று சுற்றிக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சமத்தான குழந்தையாகத் தெரியும். பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை செய்த காலத்தில், இப்படிச் ‘சமத்தாக’ இருந்து எடை குறைந்து திரும்ப வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே அவளுக்குக் கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். ஒருமுறை குடிக்கத் தொடங்கியதிலிருந்து அடுத்த முறை தொடங்குவதற்குள் மூன்று மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு நாளைக்குக் குறைந்தது எட்டு முறை. பையன் அழும்போதெல்லாம் அவளையும் எழுப்பிவிட்டால் இருவர் நேரமும் ஒன்றாகும். உங்கள் தூக்கமும் இதில்தான் மீளும். சுற்றியிருக்கும் துணியை விலக்கி, ஈரத்துணி மாற்றி, உள்ளங்காலையும் முதுகையும் மெல்லத் தேயுங்கள். பாதம் சில்லென்று இருந்தால் சட்டையைக் கழற்றி, தொப்பி மட்டும் போட்டு, உங்கள் மார்போடு தோல் படும்படி வைத்து மேலே போர்த்திக்கொள்ளுங்கள். உடம்பு சூடேறிய குழந்தைதான் நன்றாகச் சப்பும்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க, சுவரில் முதுகு சாய்த்துப் பாயில் உட்கார்ந்து, இரு பக்கமும் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் உடம்பு உங்கள் கக்கத்தின் கீழும், கால்கள் முதுகுப்பக்கமும், தலை உங்கள் உள்ளங்கையிலும் இருக்கட்டும். முதலில் சின்னவளை வைத்து, அவள் காம்போடு கருவட்டத்தையும் வாய் நிறையப் பிடித்து விழுங்கும் சத்தம் கேட்ட பிறகு, அம்மா பையனை மறுபக்கம் கொடுக்கட்டும். அவன் வேகமாக இழுப்பதில் பால் இறங்குவது அவளுக்கும் உதவும். பக்கத்தை ஒவ்வொரு வேளையும் மாற்றுங்கள். இல்லையென்றால் அவன் குடிக்கும் பக்கம் மட்டும் நன்றாகச் சுரந்து, அவள் பக்கம் வற்றிக்கொண்டே போகும்.

சின்னவள் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சோர்ந்துவிடுவாள். அப்போது கையால் பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் 15 முதல் 20 மில்லி கொடுங்கள். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்து, பாலாடையின் முனையைக் கீழுதட்டில் வைத்தால் அவளே உறிஞ்சுவாள். மல்லாத்தி வைத்து ஊற்ற வேண்டாம், புரையேறும். பாலாடையைப் பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிக்க வையுங்கள்.

பவுடர் பால் இப்போது வேண்டாம். பால் எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவு சுரக்கும். கொடுத்து முடித்ததும் இரு பக்கமும் ஐந்து ஐந்து நிமிடம் பீய்ச்சினால் சில நாட்களில் கூடும். ஒரு வாரம் இப்படிச் செய்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதே தராசில், துணியில்லாமல் அவளை எடை போடுங்கள். 150 கிராமுக்கு மேல் ஏறியிருந்தால் வழி சரி. நூறு கிராம்கூட ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். கூடுதல் பால் எது, எவ்வளவு என்பதை அவர் சொல்லட்டும். சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், பசும்பால் எதுவும் வேண்டாம்.

இனி உங்கள் தூக்கம். ஒரு நாளை ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, மூன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பதுக்கு இருவருக்கும் கொடுத்து, பீய்ச்சி முடித்ததும் பத்து மணிக்குள் நீங்கள் படுத்துவிட வேண்டும். பன்னிரண்டு மணிப் பொறுப்பு அம்மாவுடையது. சின்னவளுக்கு அந்த வேளை முழுவதும் பாலாடையில் என்றால் 40 மில்லி வேண்டும். பகலில் பீய்ச்சியதை மூடியிட்ட சுத்தமான பாத்திரத்தில் ஃப்ரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம் பயன்படுத்தலாம். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் ஒன்பதரைக்குப் பீய்ச்சியது பன்னிரண்டு வரை வெளியில் தாங்கும். கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் நிறுத்திச் சூடாக்குங்கள், அடுப்பில் வைக்க வேண்டாம்.

முதல் வாரம் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பால் மிஞ்சாது. அதனால் பையனை மட்டும் அம்மா உங்களிடம் கொண்டுவந்து, குடித்ததும் தூக்கிச் சென்றுவிடட்டும். பால் சேர்ந்தபின் அவனுக்கும் 50 மில்லி பாலாடையில் கொடுத்தால் பத்திலிருந்து மூன்று வரை ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்குவீர்கள். மூன்று மணிக்கு மட்டும் தவறாமல் எழுந்திருங்கள். அதையும் விட்டால் பால் கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும். சனிக்கிழமை அந்தப் பன்னிரண்டு மணி வேளை உங்கள் கணவருடையது, அன்று அம்மா தூங்கட்டும். பாலாடையில் கொடுப்பதை அவர் வந்ததுமே பழக்கிவிடுங்கள்.

இரவில் தூளி வேண்டாம். இவ்வளவு சிறிய குழந்தைக்குத் தூளியில் கழுத்து மடங்கி முகவாய் மார்பில் இடித்து மூச்சுத் தடைபடலாம். இருவரையும் தனித்தனியாக, கெட்டியான விரிப்பில், மல்லாந்து, தலையணை இல்லாமல் படுக்கவையுங்கள். கடுகுத் தலையணையும் வேண்டாம்.

ஒரு நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, குடித்த நேரமும் சிறுநீர் கழித்ததும் குறித்துவையுங்கள். தூக்கக் கலக்கத்தில் யாருக்குக் கொடுத்தோம் என்பது மறந்துபோகும். ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் போனால் பால் போதவில்லை. எழுப்பியும் குடிக்காமல் இரண்டு வேளை போனாலோ, உடம்பு சூடேற்றியும் சில்லென்றே இருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, நிமிடத்துக்கு அறுபதுக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் தெரிந்தாலோ காலை வரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு இருக்கிறது.

சின்னவள் இரண்டரைக் கிலோவைத் தாண்டி, வாரா வாரம் எடை ஒழுங்காக ஏறி, எட்டு வேளைக்கும் தானே விழித்து அழத் தொடங்கியதும், மருத்துவரைக் கேட்டுவிட்டு அலாரத்தை நிறுத்திவிடலாம்.