இரு குழு ஆய்வுக்கு எத்தனை பேர் தேவை?

கேள்வி: நான் முதுநிலை செவிலியர் பட்டப்படிப்பு மாணவி. மெதுவான மூச்சுப் பயிற்சி உயர் ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறதா என்று 8 வாரம் ஆராயப் போகிறேன். பயிற்சி பெறும் குழுவுக்கு 30 பேர், வழக்கமான கவனிப்பு மட்டும் பெறும் குழுவுக்கு 30 பேர் போதும் என்று வழிகாட்டி சொல்கிறார். நெறிமுறைக் குழுவோ பவர் அனாலிசிஸ் கேட்கிறது. மென்பொருளில் எஃபெக்ட் சைஸ் என்ற கட்டத்தில் 0.5 என்று போட்டுவிடு என்கிறார்கள் தோழிகள். அது என்ன, உண்மையில் எத்தனை பேர் வேண்டும்?

பதில்: குழுவுக்கு 30 பேர் போதாது. 0.5 என்ற எண்ணையும் காரணம் அறியாமல் போட வேண்டாம். உங்கள் ஆய்வுக்குக் குழு ஒன்றுக்கு ஏறக்குறைய 92 பேர் தேவைப்படும் என்பது என் கணக்கு. பகுப்பாய்வு முறையை முன்கூட்டியே நன்கு திட்டமிட்டால் அதைக் கணிசமாகக் குறைக்கவும் வழி உண்டு.

30 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதிரியில் ஏறக்குறைய 30 பேர் இருந்தால் சராசரிகளின் பரவலை இயல்நிலைப் பரவலாகக் கொள்ளலாம் என்று பாடநூல்கள் சொல்லும் ஒரு தோராய விதி உண்டு. அதுவே காலப்போக்கில் "30 பேர் இருந்தால் ஆய்வு சரி" என்று திரிந்துவிட்டது. நீங்கள் தேடும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க அத்தனை பேர் போதுமா என்ற கேள்விக்கும் அந்த விதிக்கும் தொடர்பே இல்லை.

அந்தக் கேள்விக்கு விடை காண மூன்று முடிவுகளை எடுக்க வேண்டும். அவற்றில் மிகவும் யோசித்து எடுக்க வேண்டியது விளைவின் அளவு, அதாவது உங்கள் தோழிகள் சொன்ன எஃபெக்ட் சைஸ். மூச்சுப் பயிற்சியால் சிஸ்டாலிக் அழுத்தம் குறைந்தது எத்தனை மில்லிமீட்டர் இறங்கினால் அதை நோயாளிக்குப் பயனுள்ளது என்று நீங்கள் ஏற்பீர்கள்? இது புள்ளியியலாளர் விடை சொல்லக்கூடிய கேள்வி அல்ல. மருத்துவம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டியது. மருந்துகளை வைத்து நடந்த 48 சோதனைகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2021-இல் லான்செட் இதழில் வெளியான பகுப்பாய்வு, சிஸ்டாலிக் அழுத்தம் 5 மி.மீ. குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய இதய, ரத்தநாளப் பாதிப்புகள் சுமார் 10 சதவீதம் குறைகின்றன என்று காட்டியது. ஆகவே 5 மி.மீ. என்பதை உங்கள் இலக்காகக் கொள்வது நியாயமானது. இலக்கை இதற்கும் கீழே இறக்கினால் மாதிரி அளவு வேகமாக ஏறும்: தேடும் வேறுபாடு பாதியானால் தேவைப்படும் ஆட்களின் எண்ணிக்கை நான்கு மடங்காகும்.

ஆனால் 5 மி.மீ. என்பது பெரியதா சிறியதா என்பது, ஆளுக்கு ஆள் அழுத்தம் எவ்வளவு மாறுபடுகிறது என்பதைப் பொறுத்தது. எல்லோருடைய அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் கூட்டத்தில் 5 மி.மீ. வேறுபாடு பளிச்சென்று தெரியும். தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும் கூட்டத்தில் அதே வேறுபாடு இரைச்சலில் மறைந்துவிடும். அந்தச் சிதறலை அளப்பதே திட்ட விலக்கம். உங்களைப் போன்ற நோயாளிகளிடம் முன்பு நடந்த ஆய்வுகளில் அது 12 மி.மீ. என்று இருந்ததாக வைத்துக்கொள்வோம். வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தால், அதாவது 5-ஐ 12-ஆல் வகுத்தால், 0.42 வருகிறது. மென்பொருளின் அந்தக் கட்டம் கேட்பது இதைத்தான்.

0.2 சிறியது, 0.5 நடுத்தரமானது, 0.8 பெரியது என்ற அளவுகோல் ஜேக்கப் கோஹன் என்ற உளவியலாளர் வகுத்தது. வேறு தகவல் எதுவும் கிடைக்காதபோது பிடித்துக்கொள்ள ஒரு கொம்பாகவே அது பயன்பட வேண்டும். உங்கள் ஆய்வில் 0.5 என்று போட்டால், 6 மி.மீ. இறக்கத்தைத் தேடுவதாக நீங்கள் அறியாமலேயே அறிவித்துவிடுகிறீர்கள். மென்பொருளும் குழுவுக்கு 64 பேர் போதும் என்று சொல்லிவிடும். உண்மையான பயன் 5 மி.மீ. மட்டுமே என்றால், அந்த 64 பேரை வைத்து அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு சுமார் 65 சதவீதம்தான்.

இரண்டாவது முடிவு, ஆல்ஃபா எனப்படும் முக்கியத்துவ மட்டம். மூச்சுப் பயிற்சியால் எந்தப் பயனும் இல்லை என்று ஒரு கணம் கொள்ளுங்கள். அப்போதும் குழுக்களுக்கு இடையே தற்செயலாக ஏதேனும் ஒரு வேறுபாடு தென்படவே செய்யும். ஆல்ஃபாவை 0.05 என்று வைத்தால், பயனே இல்லாத ஒரு சிகிச்சையை இதே முறையில் 100 முறை ஆராயும்போது சுமார் 5 முறை "பயன் உண்டு" என்று தவறாக முடிவு செய்யும் ஆபத்தை ஏற்றுக்கொள்கிறீர்கள் என்று பொருள். 0.05 என்பது உங்கள் முடிவு சரியாக இருப்பதற்கான நிகழ்தகவு பற்றி எதையும் சொல்வதில்லை. பயனே இல்லாத நிலையில் ஏமாறும் விகிதத்தை மட்டுமே சொல்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதை ஆய்வேடுகளில் அடிக்கடி பார்க்கிறேன்.

மூன்றாவது, திறன் எனப்படும் பவர். இது எதிர்ப்பக்கத்து ஆபத்தைப் பற்றியது. பயிற்சி உண்மையிலேயே 5 மி.மீ. இறக்குகிறது என்றால், 100 முறை ஆராயும்போது எத்தனை முறை அது நம் கண்ணில் படும்? 80 முறையாவது பட வேண்டும் என்பது பரவலான வழக்கம். மீதி 20 முறை, பயனுள்ள சிகிச்சையைப் பயனற்றது என்று தள்ளிவிடுவோம்.

இனிக் கணக்கு. ஆல்ஃபா இருபக்கச் சோதனையில் 0.05, திறன் 80 சதவீதம், இரு குழுக்களிலும் சம எண்ணிக்கை என்றால், கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய ஒரு தோராயச் சூத்திரம் உண்டு. இதில் n குழு ஒன்றின் எண்ணிக்கை, s திட்ட விலக்கம், d மி.மீ. கணக்கில் நாம் தேடும் வேறுபாடு.

```
n = 16 × (s / d)²
n = 16 × (12 / 5)² = 16 × 5.76 ≈ 92
```

ஆர் மென்பொருளில் இந்த ஒரு வரி போதும்:

```
power.t.test(delta = 5, sd = 12, sig.level = 0.05, power = 0.80)
```

விடை 91-க்குச் சற்று மேலே வரும். மேல்நோக்கி முழுமையாக்கினால் 92. திறனை 90 சதவீதமாக உயர்த்தினால் எண்ணிக்கை 120-ஐத் தாண்டும்.

இது ஆய்வின் முடிவில் கையில் இருக்க வேண்டிய எண்ணிக்கை. 8 வாரத்தில் 15 சதவீதம் பேர் இடையில் நின்றுவிடுவார்கள் என்று எதிர்பார்த்தால், 92-உடன் அதன் 15 சதவீதத்தைக் கூட்டி 106 என்று நிறுத்துவது பலர் செய்யும் பிழை. 106 பேரில் 15 சதவீதம் போனால் 90 பேரே மிஞ்சுவார்கள். 92-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும். குழுவுக்கு 109 பேரைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

இப்போது வழிகாட்டி சொன்ன 30 பேரிடம் திரும்புவோம். இதே 5 மி.மீ., இதே 12 மி.மீ. என்றால், அந்த ஆய்வின் திறன் சுமார் 35 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பை நம்பி 60 நோயாளிகளின் நேரத்தை வாங்குகிறோம் என்பதே எனக்கு உறுத்துகிறது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலான வகுப்புகளில் சொல்லித் தருவதில்லை. குழுவுக்கு 30 பேர் இருக்கும்போது, வேறுபாடு சுமார் 6.2 மி.மீ. அல்லது அதற்கு மேல் தென்பட்டால்தான் பி மதிப்பு நாம் வைத்த ஆல்ஃபாவான 0.05-க்குக் கீழே வந்து, "பயன் உண்டு" என்று முடிவு செய்ய முடியும். உண்மையான பயன் 5 மி.மீ. என்றால், அந்த ஆய்வில் "வெற்றி" பெறும் ஒவ்வொரு முடிவும் உண்மையை விட மிகையானதாகவே இருக்கும். ஆய்வு தோற்றால் பயனுள்ள பயிற்சி கைவிடப்படும்; வென்றால் அதன் பயன் ஊதிப் பெரிதாக்கப்பட்டு அச்சேறும். அந்த மிகையான எண்ணை நம்பி அடுத்தவர் இன்னும் சிறிய ஆய்வைத் திட்டமிடுவார்.

அதனால்தான் சிறிய முன்னோட்ட ஆய்வில் கண்ட வேறுபாட்டை அப்படியே எடுத்து மென்பொருளில் போடக் கூடாது என்கிறேன். திட்ட விலக்கத்தைக்கூட 10 பேர் கொண்ட முன்னோட்டத்திலிருந்து எடுப்பது ஆபத்து. அங்கே 12 மி.மீ. என்று கிடைத்தாலும், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 8 முதல் 22 வரை நீளும். அதற்கேற்பத் தேவையான எண்ணிக்கை குழுவுக்கு நாற்பது சொச்சத்திலிருந்து முந்நூறு வரை போய்விடும். உங்கள் நோயாளிகளை ஒத்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகள் இரண்டு மூன்றைப் பார்த்து, அவற்றில் சற்றுப் பெரிய திட்ட விலக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

குழுவுக்கு 109 பேரைத் திரட்டுவது ஒரு மாணவிக்குக் கடினம் என்பதை அறிவேன். ஆல்ஃபாவைத் தளர்த்தியோ விளைவின் அளவைப் பெரிதாக்கிக் காட்டியோ எண்ணிக்கையைக் குறைப்பவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். நேர்மையான வழி, ஒவ்வொருவரின் தொடக்க அழுத்தத்தையும் பகுப்பாய்வில் சேர்ப்பது. உடன்மாறி பகுப்பாய்வு எனப்படும் அன்கோவா இதைச் செய்கிறது. தொடக்க அளவுக்கும் 8 வார இறுதி அளவுக்கும் உள்ள ஒட்டுறவு 0.6 என்றால், தேவையான எண்ணிக்கையை 1 − 0.6² ஆல், அதாவது 0.64 ஆல் பெருக்கலாம். 92 என்பது 59 ஆகிறது. இடையில் நிற்பவர்களையும் கணக்கில் கொண்டால் குழுவுக்கு 70 பேர். இதற்கு நீங்கள் கூடுதலாகச் செலவிட வேண்டியது எதுவுமில்லை. தொடக்க அழுத்தத்தை எப்படியும் அளக்கத்தான் போகிறீர்கள். ஆனால் இந்தப் பகுப்பாய்வையே செய்வேன் என்று திட்டத்தில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். 0.6 என்பதற்கும் முந்தைய ஆய்வு ஒன்றின் ஆதாரம் வேண்டும்.

எவ்வளவு முயன்றும் 60 பேருக்கு மேல் கிடைக்க வழியில்லை என்றால், கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அன்கோவா இல்லாமல், குழுவுக்கு 30 பேரை வைத்து 80 சதவீதத் திறனுடன் கண்டுபிடிக்கக்கூடிய வேறுபாடு சுமார் 9 மி.மீ. மூச்சுப் பயிற்சி மட்டும் அவ்வளவு இறக்கும் என்று உங்கள் வழிகாட்டி எதிர்பார்க்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால், பயிற்சி தருவதும் பின்தொடர்வதும் நடைமுறையில் சாத்தியமா என்று பார்க்கும் முன்னோட்டமாக ஆய்வை அறிவித்துவிடலாம்; அப்போது பயன் உண்டா இல்லையா என்ற முடிவை அதிலிருந்து எடுக்கக் கூடாது.

நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் திட்டத்தில் எழுத வேண்டிய பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கலாம்: "8 வார முடிவில் சிஸ்டாலிக் அழுத்தத்தில் குழுக்களுக்கு இடையே 5 மி.மீ. வேறுபாட்டை, 12 மி.மீ. திட்ட விலக்கம், இருபக்க ஆல்ஃபா 0.05, 80 சதவீதத் திறன் ஆகியவற்றுடன் கண்டறியக் குழுவுக்கு 92 பேர் தேவை. தொடக்க அளவைச் சேர்த்த உடன்மாறி பகுப்பாய்வில், ஒட்டுறவு 0.6 எனக் கொண்டு, இது 59 ஆகிறது. 15 சதவீத இழப்பை எதிர்பார்த்துக் குழுவுக்கு 70 பேர் சேர்க்கப்படுவர்." 12, 0.6, 15 ஆகிய மூன்று எண்களும் நான் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை. அவற்றின் இடத்தில் நீங்கள் தேடி எடுத்த எண்களையும், ஒவ்வொன்றும் எந்த ஆய்விலிருந்து வந்தது என்பதையும் எழுதுங்கள்.