ஹசார்ட் ரேஷியோ 0.70 என்றால் 30% குறைந்தது எது?

கேள்வி: என் முதுநிலை ஆய்வில் 240 நோயாளிகளை ரேண்டமாக இரண்டு குழுக்களாகப் பிரித்தோம். புள்ளியியல் வேலையை வெளியில் பணம் கொடுத்துச் செய்து வாங்கினேன். “ஹசார்ட் ரேஷியோ 0.70, 95% நம்பிக்கை இடைவெளி 0.50 முதல் 0.98, பி மதிப்பு 0.04. ஆகவே புதிய சிகிச்சை 30% பேரை மரணத்திலிருந்து காப்பாற்றுகிறது” என்று எழுதித் தந்திருக்கிறார்கள். பழைய சிகிச்சைக் குழுவில் 2 ஆண்டு முடிவில் 40% பேர் உயிருடன் இருந்தார்கள். அந்த வாக்கியத்தை அப்படியே தீசிஸில் போடலாமா?

பதில்: போடாதீர்கள். எண்கள் சரியாகவே இருக்கலாம், ஆனால் அவற்றின் மேல் எழுதிய வாக்கியம் தவறு.

ஹசார்ட் ரேஷியோவைக் கணக்கிடும் காக்ஸ் மாடல் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே கேள்வியைக் கேட்கிறது: இன்று வரை உயிரோடு இருப்பவர்களில் அடுத்த சில நாட்களுக்குள் இறப்பவர்கள் எத்தனை பேர்? அந்த வேகம் பழைய சிகிச்சையில் 100-க்கு 10 என்றால் புதியதில் 100-க்கு 7. உங்கள் 0.70 சொல்வது இவ்வளவுதான். இந்த 100 என்பது முதல் நாளில் சேர்ந்த 100 பேர் இல்லை, அந்தக் கட்டத்தில் மிஞ்சியிருப்பவர்கள். இந்த ஒரு இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். எல்லோரும் இறக்கும் வரை காத்திருந்து எண்ணினால் இரண்டு குழுவிலும் 100-க்கு 100 பேர்தான் இறந்திருப்பார்கள். அப்போதும் ஹசார்ட் ரேஷியோ 0.70 ஆகவே இருக்கலாம். “30% பேரைக் காப்பாற்றியது” என்பது எவ்வளவு பொருந்தாத பேச்சு என்று இதிலேயே தெரியும்.

சரி, உங்கள் ஆய்வில் எத்தனை பேருக்குப் பலன் என்று பார்ப்போம். இரு குழுக்களின் வேக விகிதம் முழுக் காலமும் மாறாமல் இருந்தால், பழைய குழுவில் பிழைத்திருக்கும் பங்கை ஹசார்ட் ரேஷியோ என்ற அடுக்குக்கு உயர்த்தினால் புதிய குழுவின் பங்கு கிடைக்கும். 0.40-ஐ 0.70 அடுக்குக்கு உயர்த்தினால் 0.53 வருகிறது. அதாவது 2 ஆண்டு முடிவில் பழைய சிகிச்சையில் 100-க்கு 40 பேர், புதியதில் 53 பேர். கூடுதலாகப் பிழைத்திருப்பவர்கள் 13 பேர், 30 பேர் இல்லை. இறந்தவர்களை வைத்துப் பார்த்தால் 60 என்பது 47 ஆகியிருக்கிறது. அதுவும் சுமார் 21% குறைவுதான்.

இதே 0.70, பெரும்பாலோர் பிழைக்கும் நோயில் வந்திருந்தால்? பழைய சிகிச்சையிலேயே 95% பேர் உயிருடன் இருந்தால் புதியதில் 96.5% பேர் இருப்பார்கள். 100 பேருக்கு ஒன்றரைப் பேர்தான் வித்தியாசம். அதனால்தான் ரேஷியோவைத் தனியாக எழுதாதீர்கள், இத்தனை ஆண்டு முடிவில் இத்தனை பேர் என்ற எண்ணையும் பக்கத்தில் வையுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். “ஆயுள் 30% நீண்டது” என்றும் எழுதிவிடாதீர்கள். எவ்வளவு காலம் நீண்டது என்பதை, நாள் போகப் போக எத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள் என்று காட்டும் வளைகோட்டிலிருந்து தனியாகப் படிக்க வேண்டும்.

நம்பிக்கை இடைவெளிக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். 0.50 உண்மையானால் 2 ஆண்டில் பிழைத்திருப்பவர்கள் 63 பேர். 0.98 உண்மையானால் 41-கூட நிறையவில்லை. ஆக உங்கள் தரவு சொல்லும் பலன் 100-க்கு ஒருவர்கூட இல்லை என்பதிலிருந்து 23 பேர் வரை எங்கும் இருக்கலாம். இதை மறைத்துவிட்டு 0.04-ஐ மட்டும் தடித்த எழுத்தில் போடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. பி மதிப்பு 0.05-க்குக் கீழே இருந்தால் கையெழுத்து, மேலே இருந்தால் கேள்வி என்று நடக்கும் தேர்வுக் குழுக்கள்தான் இதற்குக் காரணம். வளைகோடு எங்கே என்று கேட்பவர்கள் மிகக் குறைவு.

வளைகோட்டை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், மேலே போட்ட கணக்கு முழுவதும் “விகிதம் மாறாமல் இருந்தால்” என்பதன் மேல் நிற்கிறது. அது உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு நுரையீரல் புற்றுநோயில் ஜெஃபிடினிப் மாத்திரையைக் கீமோதெரபியோடு ஒப்பிட்ட ஐபாஸ் ஆய்வைப் பாருங்கள். 2009-ல் வெளியானது. நோய் முற்றாமல் இருக்கும் காலத்துக்கு ஹசார்ட் ரேஷியோ 0.74, நம்பிக்கை இடைவெளி 0.65 முதல் 0.85. எண்ணை மட்டும் பார்த்தால் மாத்திரைக்குத் தெளிவான வெற்றி. ஆனால் பாதிப் பேருக்கு நோய் முற்றுவதற்குள் ஆன இடைநிலைக் காலம் மாத்திரைக்கு 5.7 மாதம், கீமோவுக்கு 5.8 மாதம். 12-ஆம் மாதத்தில் நோய் முற்றாமல் இருந்தவர்களோ மாத்திரையில் 24.9%, கீமோவில் 6.7%. எப்படி? இரண்டு வளைகோடுகளும் ஒன்றையொன்று வெட்டிச் சென்றன. முதல் சில மாதங்களில் கீமோ முன்னால், அப்புறம் மாத்திரை முன்னால்.

காரணம் நோயாளிகளிலேயே இருந்தது. ஈ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் மாற்றம் உள்ளவர்களை மட்டும் எடுத்தால் ரேஷியோ 0.48, மாற்றம் இல்லாதவர்களில் 2.85. ஒரு கூட்டத்துக்கு மாத்திரை பெரிய பலன் தந்தது, இன்னொரு கூட்டத்துக்குக் கீமோவைவிட மிக மோசம். மாற்றம் இல்லாதவர்களுக்கு ஆரம்பத்திலேயே நோய் முற்றியதால் மாத்திரையின் கோடு முதலில் சரிந்தது. அவர்கள் கணக்கிலிருந்து விழுந்த பிறகு மீதி இருந்தவர்கள் பெரும்பாலும் பலன் பெறுகிறவர்கள், அதனால் கோடு மேலே நின்றது. இரண்டையும் கலந்து வந்த 0.74 இவர்களில் யாருக்கும் உரியதாக இல்லை. உங்கள் ஆய்வில் கோடுகள் வெட்டிக்கொண்டாலோ, ஆரம்பத்தில் ஒட்டியே போய்ப் பிறகு பிரிந்தாலோ, ஒரே ரேஷியோவோடு நிறுத்தாதீர்கள். முதல் 6 மாதத்துக்கு ஒன்று, அதற்குப் பின் ஒன்று என்று பிரித்துக் காட்டுங்கள்.

இதையெல்லாம் உங்கள் கணினியிலேயே பார்க்கலாம், ஆர் மென்பொருள் இலவசம்:

```r
library(survival)
m <- coxph(Surv(time, status) ~ group, data = d)
summary(m)
cox.zph(m)
plot(survfit(Surv(time, status) ~ group, data = d))
```

`summary` தரும் அட்டவணையில் `exp(coef)` என்ற பத்தியில் உள்ளதுதான் ஹசார்ட் ரேஷியோ. பக்கத்தில் `coef` என்ற பத்தியில் −0.357 என்று இருக்கும், அதை எடுத்து எழுதிவிடாதீர்கள். `cox.zph` தரும் பி மதிப்பு சிறியதாக இருந்தால் விகிதம் மாறுகிறது என்று சந்தேகப்படுங்கள். பெரியதாக இருந்தால் நிம்மதி அடைய வேண்டாம். இறப்புகள் குறைவாக உள்ள ஆய்வில் அந்தச் சோதனைக்குக் கண் மங்கல்தான், படத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

கடைசியாக, பணம் வாங்கிக்கொண்டு அட்டவணை விற்பவர்களைப் பற்றி. நல்ல புள்ளியியலாளர்களும் வெளியே வேலை செய்கிறார்கள், அவர்கள் முதலில் உங்கள் ஆய்வைப் பற்றிக் கேட்பார்கள். மற்றவர்கள் கோப்பை வாங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் வெற்றி வேண்டும் என்று கேட்பார்கள். நோயாளிகளைக் கவனிக்கும் மாணவர்களிடம் புள்ளியியலாளரின் உதவியே இல்லாமல் தீசிஸ் கேட்கும் ஏற்பாடு இருக்கும் வரை இந்த வியாபாரம் ஓடும். உங்களுக்கு வேலை செய்தவரிடம் கட்டளைக் கோப்பையும், அவர் பயன்படுத்திய தரவுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். தரமாட்டேன் என்றால் அந்த எண்களைப் பயன்படுத்தாதீர்கள். கோப்பு வந்ததும் `status` பத்தியைத் திறந்து, இறந்ததாக உங்களுக்கே தெரிந்த நான்கைந்து நோயாளிகளைத் தேடுங்கள். அவர்களுக்கு நேராக 1 இருக்க வேண்டும். 0 இருந்தால், இறந்தவர்களை உயிரோடு இருப்பவர்களாக எண்ணியிருக்கிறார்கள். பிறகு `group` பத்தியில் பழைய சிகிச்சைதான் ஒப்பீட்டு அடிப்படையாக இருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாக இருந்தால் இதே முடிவு 1.43 என்று வந்திருக்கும். எல்லாம் சரியாக இருந்தால் தீசிஸில் இப்படி எழுதுங்கள்: “உயிருடன் இருப்பவர்களிடையே மரண வேகம் புதிய சிகிச்சையில் 0.70 மடங்கு (0.50 முதல் 0.98). 2 ஆண்டு முடிவில் உயிருடன் இருந்தவர்கள் பழைய சிகிச்சையில் 40%, புதியதில் இத்தனை சதவீதம்.” அந்தக் கடைசி எண்ணுக்கு நான் போட்ட 53-ஐ எழுதாதீர்கள், உங்கள் வளைகோட்டில் புதிய குழுவுக்கு இருப்பதைப் படித்து எழுதுங்கள். அது 53-க்கு வெகு தூரத்தில் இருந்தால் `cox.zph` முடிவையும் படத்தையும் மறுபடி எடுத்துப் பாருங்கள்.