நாட்குறிப்பிலிருந்து படர்க்கைக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தானே புயல் அடித்த அன்று இரவு டைரியில் எழுதியதைப் படர்க்கையில் ஒரு பத்தியாக மாற்றிப் பார்த்தேன். செய்தித்தாள் படிப்பது போல் இருக்கிறது. டைரியில் இருந்த வலி எங்கே போனது? இரண்டையும் அனுப்புகிறேன்.

டைரி: “30.12.2011. மதியம் காற்று அடங்கியதும் அப்பாவோடு தோப்புக்கு நடந்தே போனேன். ஒரு முந்திரி மரம்கூட நிற்கவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அவர் முன்னால் அழக்கூடாதென்று அடக்கிக்கொண்டேன். பலாவும் விழுந்து கிடந்தது. அதில் பிஞ்சு இருந்தது. அப்பா நாலைந்தைப் பறித்துத் துண்டில் முடிந்துகொண்டார். எதற்கென்று நான் கேட்கவில்லை. வீட்டில் கரண்ட் இல்லை. நாளைக்கு என்ன ஆகுமோ.”

நான் மாற்றியது: “மதியம் காற்று அடங்கியதும் அவள் அவளுடைய தந்தையுடன் தோப்புக்கு நடந்து சென்றாள். ஒரு முந்திரி மரம்கூட நிற்கவில்லை என்பதை அவள் கண்டாள். அவளுடைய தந்தை தாங்க முடியாத வேதனையில் இருந்தார். அவளுக்கு அழுகையாக வந்தது. அவள் அதை அடக்கிக்கொண்டாள். விழுந்த பலாவிலிருந்து அவர் பிஞ்சுகளைப் பறித்தார். நாளை என்ன ஆகுமோ என்று அவள் கவலைப்பட்டாள். அந்தத் தோப்பு மீண்டும் காய்க்கப் பல ஆண்டுகள் ஆயின.”

ம., திருப்பாதிரிப்புலியூர்

அன்புள்ள ம.,

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். டைரியில் என்னை நிறுத்திய வரி, “எதற்கென்று நான் கேட்கவில்லை.” தோப்பு முழுக்கப் போய்விட்ட ஒருவர் நாலு பலாப்பிஞ்சைத் துண்டில் முடிகிறார், மகள் காரணம் கேட்காமல் நிற்கிறாள். அன்றைய வலி முழுவதும் அந்த வரியில் இருக்கிறது. மாற்றும்போது நீங்கள் விட்டுவிட்ட வரியும் அதுதான். துண்டும் கூடவே போய்விட்டது. “அழுகையாக வந்தது” என்பதுதான் உணர்ச்சி உள்ள வாக்கியம் என்று நினைத்து அதைப் பத்திரப்படுத்தியிருக்கிறீர்கள். மாற்றத் தொடங்கும் முன் டைரியை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, எந்த வரியில் குரல் தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரியில் கை வைக்க வேண்டாம்.

அடுத்தது ‘அவள்’. எட்டு வாக்கியத்தில் ஏழு முறை வந்திருக்கிறது. தமிழில் இத்தனை தேவையில்லை. ‘போனாள்’ என்றாலே யார் என்று வினைமுற்று சொல்லிவிடுகிறது. முதல் வாக்கியத்தில் ஒருமுறை ‘அவள்’ என்று காட்டிவிட்டு விலகிக்கொள்ளலாம். ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘அவள், அவள்’ என்று சுட்டும்போது, தூரத்தில் நின்று விரல் நீட்டிக் காட்டுவது போல ஆகிறது. ஆனால் எதிர்மறையில் கவனம் வேண்டும். ‘கேட்கவில்லை’ என்பதில் ஆள் தெரியாது. நான், அவள், அவர் யாருக்கும் அதே சொல்தான். அங்கே மட்டும் ‘அவள்’ திரும்ப வர வேண்டும். டைரியிலும் அந்த இடத்தில் நீங்கள் ‘நான்’ எழுதியிருப்பதைப் பாருங்கள். ‘போனேன்’, ‘அடக்கிக்கொண்டேன்’ என்ற இடங்களில் எழுதவில்லை. கை தானாகவே சரியாக எழுதியிருக்கிறது.

‘அவளுடைய தந்தை’ என்பதை ‘அப்பா’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். கதை சொல்பவருக்கு அவர் அப்பா இல்லையே என்ற தயக்கம் வரும். தமிழில் உறவுச்சொல் பெயர் போலவே நிற்கும். ‘அப்பா ஒன்றும் பேசவில்லை’ என்று படர்க்கையில் எழுதினால், வாசகர் அவளுடைய கண் வழியாகத்தான் அவரைப் பார்ப்பார். ‘தந்தை’ என்றதும் அந்தக் கண் மூடிக்கொள்கிறது. ‘சென்றாள்’, ‘கண்டாள்’ ஆகியவையும் அப்படித்தான். நீங்கள் போனீர்கள், அதனால் அவளும் போகட்டும். அதே காரணத்துக்காக, உள்ளே நினைப்பதைச் சொல்லும்போது ‘அவள்’ என்பதைவிட ‘தான்’ நெருக்கமானது. “அவள் அழுதால் அவர் பார்த்துவிடுவார்” என்று எழுதினால் வெளியே நிற்பவர் சொல்கிறார். “தான் அழுதால்” என்றால் அவளே நினைக்கிறாள்.

இப்போது அழுகைக்கு வருகிறேன். ‘எனக்கு அழுகை அழுகையாக வந்தது’ என்பது டைரியில் ஒப்புதல் வாக்குமூலம். ‘எனக்கு’ என்பதை ‘அவளுக்கு’ என்று மாற்றிய உடனே அது தகவலாகிவிடுகிறது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அப்படியே மாற்ற முடியாது, வேறாக எழுத வேண்டும். அதற்காக ‘நெஞ்சு வெடித்தது’, ‘இதயம் நொறுங்கியது’ என்று கூட்டிவிட வேண்டாம், டைரியில் அந்தச் சத்தம் இல்லை. அழுகையை அடக்க அன்று உங்கள் உடம்பு என்ன செய்தது என்று யோசியுங்கள். கீழே நான் ஒன்று எழுதியிருக்கிறேன். அது என் ஊகம். உங்களுக்கு நினைவிருப்பதைப் போட்டு அதை அடித்துவிடுங்கள்.

அப்பா ‘தாங்க முடியாத வேதனையில் இருந்தார்’ என்று எழுதியதுதான் பெரிய பிழை. டைரியில் அவர் பேசவில்லை என்று மட்டும்தான் இருக்கிறது. அவர் மனம் அன்று உங்களுக்குத் தெரியாது. தெரியாததால்தான் எதற்கென்று கேட்கவும் முடியவில்லை. படர்க்கை என்றதும் எல்லார் மனத்துக்குள்ளும் போகும் உரிமை வந்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. இந்தப் பத்தியில் அந்த உரிமை ஒருத்திக்குள் மட்டும்தான்.

கடைசி வாக்கியத்தையும் எடுத்துவிடுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகள் மறுபடி காய்க்க ஆண்டுகள் பிடித்தன என்பது உண்மைதான், ஆனால் அன்று இரவு எழுதியவளுக்கு அது தெரியாது. எங்கள் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பைப் படிக்கும்போது இதை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். 1761 ஜனவரியில் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போகும் என்று படிக்கிற நமக்குத் தெரியும். அதற்குச் சில நாள் முன்பே இறந்துபோன அவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் படிப்பவரின் மனம் பதறுகிறது. உங்கள் பத்தியும் அந்த இரவோடு நிற்கட்டும். ‘நாளை’ என்பதை ‘மறுநாள்’ ஆக்க வேண்டாம், ‘என்று கவலைப்பட்டாள்’ என்ற வாலும் வேண்டாம். ‘நாளைக்கு என்ன ஆகுமோ’ என்று தனியே விட்டால், அதில் உள்ள ‘ஓ’வே கவலையைச் சொல்லிவிடும்.

சரி, நான் எழுதிப் பார்த்தது இது:

“மதியம் காற்று அடங்கியதும் அவள் அப்பாவோடு தோப்புக்கு நடந்தே போனாள். ஒரு முந்திரி மரம்கூட நிற்கவில்லை. அப்பா ஒன்றும் பேசவில்லை. தான் அழுதால் அவர் பார்த்துவிடுவார் என்று இரண்டடி பின்தங்கியே நடந்தாள். பலாவும் விழுந்து கிடந்தது. அதில் பிஞ்சு இருந்தது. அப்பா நாலைந்தைப் பறித்துத் துண்டில் முடிந்துகொண்டார். எதற்கென்று அவள் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டில் கரண்ட் இல்லை. நாளைக்கு என்ன ஆகுமோ.”

‘திரும்பிப் போனபோது’ என்று எழுதாமல் ‘வந்தபோது’ என்றேன். அந்தச் சொல்லால், கதை சொல்பவரும் அந்த இருட்டு வீட்டில்தான் இருக்கிறார் என்றாகிறது.

டைரிக்கு நீங்கள் சொல்ல வேண்டியிராத, வாசகருக்குத் தெரிய வேண்டிய ஒன்று இதில் குறைகிறது. அந்தப் பலாவை யார் வைத்தது? தாத்தாவா, அப்பாவே கன்றாக வாங்கி வந்ததா? “பலாவும் விழுந்து கிடந்தது” என்பதற்கு முன்னால் நாலே சொல்லில் அதைச் சேருங்கள். அந்தப் பிஞ்சுகளை அப்புறம் என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுத வேண்டாம்.