விளக்கு எரிந்துவிட்டால் வயரிங் சரியா? பயிற்றுநர்களின் கேள்விகளும் பதில்களும்

மாடிப்படி வயரிங் வகுப்புக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது. தியரி, செய்துகாட்டல், செய்முறை என்று எப்படிப் பிரிப்பது?

தியரிக்கு அரை மணி நேரம் போதும். ஓம் விதியை அன்றைக்குத் தொடவே வேண்டாம். டூ-வே சுவிட்சின் மூன்று முனைகளில் எது காமன் என்பதை மட்டும் எடுங்கள். சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் காமன் முனை மற்ற இரண்டில் ஒன்றோடு சேர்ந்திருக்கும். அந்த இரண்டும் தமக்குள் ஒருபோதும் சேராது. பெரும்பாலும் நடுவில் இருப்பதுதான் காமன், ஆனால் எல்லாத் தயாரிப்பிலும் அப்படி இல்லை. அதனால் ஒவ்வொரு மாணவரும் மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துத் தானே கண்டுபிடித்து மார்க்கரால் குறிக்கட்டும். அப்புறம் அரை மணி நேரம் செய்துகாட்டல். மீதி இரண்டு மணி நேரமும் வேலை மாணவர் கையில்தான்.

நான் செய்து காட்டும்போது எல்லோரும் தலையாட்டுகிறார்கள். பலகையில் கைவைத்ததும் குழம்புகிறார்கள். ஏன்?

இருபது பேர் சுற்றி நின்றால் பின்வரிசைக்கு உங்கள் முதுகுதான் தெரியும். பத்துப் பத்துப் பேராகப் பிரியுங்கள். ஒரு குழு பார்க்கும்போது மற்றது சுவிட்சில் காமனைத் தேடட்டும். முதல் முறை பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்யுங்கள். இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்தி, காரணம் சொல்லிச் செய்யுங்கள்: ஃபேஸ் முதல் சுவிட்சின் காமனுக்கு, இரண்டு சுவிட்சுகளின் மற்ற முனைகளுக்கு இடையே இரண்டு வயர், இரண்டாம் சுவிட்சின் காமனிலிருந்து ஹோல்டருக்கு, நியூட்ரல் நேராக ஹோல்டருக்கு. மூன்றாம் முறை மாணவர் ஒருவர் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள். அவர் தயங்கும் இடத்தில்தான் பாடம் இன்னும் போய்ச் சேரவில்லை.

நடுவில் போகும் இரண்டு வயர்களும் இடம் மாறிவிட்டால் தப்பா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். தப்பில்லை. சுவிட்ச் நிலைகள்தான் மாறும், இயக்கம் மாறாது.

விளக்கு எரிந்ததும் மதிப்பெண் போட்டுவிடலாமா?

கூடாது. இந்தப் பாடத்தில் எனக்கு மிக முக்கியமான இடமே இதுதான். சுவிட்சுகள் நியூட்ரலில் மாட்டப்பட்டிருந்தாலும் விளக்கு இரண்டு இடங்களிலிருந்தும் அழகாக எரியும், அணையும். ஆனால் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் 230 வோல்ட் இருக்கும். பல்பை மாற்றப் போகிறவருக்கு அது தெரியாது.

ஆகவே சப்ளை கொடுப்பதற்கு முன், பல்பைக் கழற்றிவிட்டு ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனை பலகையின் ஃபேஸ் நுழைவில், இன்னொன்று ஹோல்டரில் நியூட்ரல் வராத முனையில். இரண்டு சுவிட்சுக்கும் சேர்த்து நான்கு நிலைகள் உண்டு. சரியான வயரிங்கில் இரண்டு நிலைகளில் மட்டும் பீப் வரும். எந்தச் சுவிட்சை அழுத்தினாலும் நிலை மாற வேண்டும். நான்கிலும் பீப் வந்தால், ஃபேஸ் சுவிட்சுக்குப் போகாமல் நேராக ஹோல்டருக்குப் போயிருக்கிறது, அதாவது சுவிட்சுகள் நியூட்ரலில் இருக்கின்றன. ஒரே ஒரு நிலையில் மட்டும் வந்தால், ஏதோ ஒரு சுவிட்சில் காமனைத் தவறாக எடுத்திருக்கிறார்கள்.

உதாரணமாக, ஒரு மாணவர் முதல் சுவிட்சின் காமனுக்குப் பதில் பக்கத்து முனையில் ஃபேஸைக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவிட்ச் ஒரு பக்கம் இருக்கும்போது இரண்டாம் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்யும். மறுபக்கம் தள்ளினால், மேலே எத்தனை முறை அழுத்தினாலும் விளக்கு எரியாது. வீடுகளில் 'கீழ் சுவிட்ச் போட்டிருந்தால்தான் மேலே எரிகிறது' என்று சொல்லும் புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். எத்தனை நிலையில் பீப் வந்தது என்று மட்டும் கேட்டு, மாணவரையே தேடவிடுங்கள்.

கடைசியாக, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே நான்கு நிலைகளிலும் பீப் வராததையும் பார்க்க வேண்டும். வந்தால் ஷார்ட்.

இருபது மாணவர், ஒரே பயிற்றுநர். எல்லாப் பலகையையும் எப்படிக் கவனிப்பது?

இருவருக்கு ஒரு பலகை என்றால் பத்துப் பலகைதான். ஒருவர் வேலை செய்யட்டும், மற்றவர் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்; பாதியில் மாற்றிக்கொள்ளட்டும். நீங்கள் ஓயாமல் சுற்ற வேண்டியதில்லை. இரண்டு இடங்களில் மட்டும் உங்களைக் கூப்பிடாமல் மேலே போகக் கூடாது என்று விதி வையுங்கள். முதலாவது, வயர் முனைகளைச் சீவியதும்: செம்பு இழைகள் அறுபட்டிருக்கக் கூடாது, முனைக்கு வெளியே செம்பு தெரியக் கூடாது. இரண்டாவது, நான்கு நிலைச் சோதனையை உங்கள் கண்முன் செய்யும்போது.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறோம். மாணவரே சப்ளை போடலாமா?

வேண்டாம். மெயின் சுவிட்சின் சாவி உங்களிடமே இருக்கட்டும். ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாகவே இருக்கும், ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகாது. முதல் சப்ளையை சீரிஸ் போர்டு வழியாகக் கொடுங்கள். ஷார்ட் இருந்தால் சீரிஸ் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பலகையில் எதுவும் கருகாது.